போன தீபாவளிக்கு வாங்கின ஃபிரிட்ஜ்

"தம்பி, போன தீவாளிக்கு வாங்குன ஃபிரிட்ஜ், இப்ப கூலிங்கே இல்ல. மேல பின்னாடி மட்டும் ஐஸ் மலை மாதிரி கட்டுது. எலக்ட்ரீசியன் பையன் வந்து பாத்துட்டு, கேஸ் போயிருச்சாம்ன்றான். கம்ப்ரசர் வேற நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு. வாரண்டி பத்து வருசம்னு கதவுலயே ஒட்டியிருக்கே! கம்பெனிக்கு இங்கிலீஷ்ல ஒரு மெயில் போட்டு விடுப்பா."

மதுரையில் இருக்கும் ஓர் அத்தை, வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகனுக்கு 2024 நவம்பர் 4, திங்கட்கிழமை இப்படி ஒரு குரல் பதிவு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவன் அவசரத்தில் வரிக்கு வரி ஆங்கிலமாக்கி அனுப்பிவிடுவான். போன தீபாவளிக்கு வாங்கியது, குளிர்ச்சி இல்லை, எலக்ட்ரீசியன் சோதித்ததில் கேஸ் கசிந்துவிட்டது, கம்ப்ரசர் கோளாறு, பத்து வருட வாரண்டியில் சரிசெய்து தரவும். ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இருக்காது. ஆனால் அத்தை சொன்ன ஐந்து விஷயங்களும் ஏறுமாறாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

முதலில் தேதி. 2024ஆம் ஆண்டின் தீபாவளி அக்டோபர் 31. அத்தை பேசியது நாலு நாள் கழித்து. அவர் சொன்ன 'போன தீவாளி' அதற்கு முந்தைய ஆண்டின் தீபாவளி, 2023 நவம்பர் 12. வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியும். புகாரைப் பதிவு செய்பவருக்குத் தெரியாது. ஆடித் தள்ளுபடியில் எடுத்தோம், கிரகப்பிரவேசத்துக்கு வாங்கினோம் என்று நம் வீடுகளில் சாமான்களுக்குத் தேதி இருப்பதே நாள், பண்டிகைகளை வைத்துத்தான். மொழிபெயர்க்கும்போது அந்தப் பண்டிகையை மொழிபெயர்க்கக் கூடாது, பில்லை எடுக்க வேண்டும். பில்லில் 10-11-2023 என்று இருக்கிறது. வாரண்டிக்குப் பில் தேதிதான் பொதுவாகக் கணக்கு; வீட்டில் வந்து இறங்கிய நாளோ, பூஜை போட்டு ஓடவிட்ட நாளோ அல்ல. அதையும் எண்ணாகவே எழுதாமல், மாதத்தை எழுத்தில் எழுதி '10 நவம்பர் 2023' என்று போடுவது நல்லது. மாதத்தை முதலில் எழுதும் வழக்கமுள்ளவர் கையில் 10-11 அக்டோபர் 11 ஆகிவிடும்.

அத்தைக்கு இது ஏன் முக்கியம் என்றால், முழுப் பெட்டிக்கும் உள்ள வாரண்டி ஓராண்டுதான். நவம்பர் 9 வரை. கையில் இருப்பது ஆறே நாள். கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும் பத்து ஆண்டு கம்ப்ரசருக்கு மட்டும் உரியது. அதிலும் கம்ப்ரசர் என்ற பாகம்தான் இலவசம். கேஸ் நிரப்பும் செலவும் ஆள் கூலியும் பெரும்பாலும் நம் தலையில்தான். அந்த ஒட்டுத்தாளை நம்பி 'பத்து வருட வாரண்டியில்' என்று எழுதினால், கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது, மற்றதற்குக் கட்டணம் உண்டு என்று பதில் வர நாமே வழி செய்து கொடுத்தவர்கள் ஆவோம். எழுத வேண்டியது 'ஓராண்டு வாரண்டி காலத்துக்குள்' என்று.

இப்போது பழுதுக்கு வருவோம். மடலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கூலிங்கே இல்லை என்கிறார். அடுத்த மூச்சில் ஐஸ் மலையாகக் கட்டுகிறது என்கிறார். இரண்டும் எப்படி உண்மையாகும்? நம் பேச்சில் 'ஃபிரிட்ஜ்' என்றால் முழுப் பெட்டியும் அதுதான், பாலும் காய்கறியும் வைக்கும் கீழறையும் அதுதான். அத்தைக்குக் குளிராதது கீழறை. அவசர மொழிபெயர்ப்பில் அது முழுப் பெட்டியும் குளிரவில்லை என்றாகிறது. சர்வீஸ் சென்டரில் 'நோ கூலிங்' என்று பதிவாகிறது. அந்தச் சீட்டோடு வருகிற டெக்னீஷியன் கேஸ் கசிவையோ கம்ப்ரசரையோ மனத்தில் வைத்துக்கொண்டு வருவார். வந்து திறந்து பார்த்துவிட்டு, பாகம் கொண்டுவரவில்லை, ஆர்டர் போட்டு வருகிறேன் என்று போய்விடுவார்.

அத்தை வீட்டில் இருப்பது இரண்டு கதவு ஃபிராஸ்ட் ஃப்ரீ வகை. இதில் குளிர்ச்சி உண்டாகும் சுருள் குழாய் ஃப்ரீஸரின் பின்சுவருக்கு உள்ளே மறைந்திருக்கும். அதன்மேல் பட்டுக் குளிர்ந்த காற்றை ஒரு சிறு விசிறி ஃப்ரீஸருக்குள்ளும், ஒரு துவாரம் வழியாகக் கீழறைக்கும் தள்ளும். காற்றில் உள்ள ஈரம் சுருள்மேல் உறைபனியாகப் படியும். அதை அவ்வப்போது உருக்குவதற்கென்றே ஒரு ஹீட்டரும், எப்போது சூடாக்குவது, எப்போது நிறுத்துவது என்று அறியும் சென்சாரும் உண்டு. உருகிய தண்ணீர் பின்னால் கம்ப்ரசர் பக்கத்துத் தட்டில் விழுந்து அந்தச் சூட்டிலேயே ஆவியாகும். ஹீட்டரோ சென்சாரோ செத்துப்போனால் பனி உருகாது. கெட்டியாகிச் சுருளை மூடி, காற்றின் வழியை அடைக்கும். சுருளுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஃப்ரீஸர் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கீழறைக்குக் காற்றே இறங்காது. உள்ளே குளிரவில்லையே என்று கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும்.

அத்தை சொன்ன மூன்று அடையாளங்களும் இதில் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அவர் பழுதைச் சரியாகத்தான் சொன்னார். மொழிபெயர்த்தவன்தான் மூன்றையும் 'குளிரவில்லை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிட்டான்.

கேட்டால் கிடைக்கக்கூடிய நான்காவது அடையாளம் ஒன்றும் உண்டு. ஒரு நாள் முழுக்க அணைத்து, கதவைத் திறந்து போட்டுவிட்டு மறுபடி ஓடவிட்டால் எப்படி இருக்கிறது? சில நாள் நன்றாகக் குளிர்ந்து, பிறகு பழையபடி ஆகிறது என்றால், பனி உருக்கும் பகுதியில்தான் கோளாறு என்பதற்கு அதைவிட வலுவான சான்று வீட்டில் இருந்தபடி கிடைக்காது. அத்தையைத் திரும்பக் கூப்பிட்டால் சொல்வார்: "ஆமாப்பா, தீவாளிக்கு முந்தி ஒரு நாள் அணைச்சுப் போட்டேன். மூணு நாள் நல்லா இருந்துச்சு." இந்த ஒரு வரியை மடலில் சேர்த்தால் டெக்னீஷியன் பையில் ஹீட்டரும் சென்சாரும் இருக்க வாய்ப்பு அதிகம். (ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்க்க வேண்டாம் என்றும் அப்போதே சொல்லிவிடலாம். உள்ளே குழாய் ஓட்டையானால் அது வாரண்டிக்கு வெளியே.)

மாடல் எண்ணை வெறும் சம்பிரதாயமாக நினைப்பவர்கள் இங்கே கவனிக்கலாம். ஒற்றைக் கதவு டைரக்ட் கூல் வகையில் ஐஸ் கட்டுவது இயல்பு. பட்டனை அழுத்தி உருக்கிக்கொள்ள வேண்டியது நம் வேலை. அதே 'ஐஸ் கட்டுகிறது' ஃபிராஸ்ட் ஃப்ரீ வகையில் பழுது. எந்த வகை என்பதை மாடல் எண்தான் சொல்லும். பில்லில் இருப்பது சில சமயம் கடைக்காரரின் சொந்தக் குறியீடாக இருக்கும். அதை நம்பாமல் பெட்டியின் உட்சுவரிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து எழுத வேண்டும். அதில் மாடல் எண், சீரியல் எண் இரண்டும் இருக்கும். மாடல் எந்த வகைப் பெட்டி என்பதைச் சொல்லும், சீரியல் இந்த ஒரு பெட்டி எது என்பதைச் சொல்லும். பூஜ்யத்துக்கும் ஓ எழுத்துக்கும், ஐந்துக்கும் எஸ் எழுத்துக்கும், எட்டுக்கும் பி எழுத்துக்கும் தடுமாற்றம் வரும் என்பதால் தாளின் படத்தையும் சேர்த்து அனுப்புவது பாதுகாப்பு.

மிச்சமிருப்பது எலக்ட்ரீசியன் விஷயம். அத்தை 'போயிருச்சு' என்று சொல்லவில்லை, 'போயிருச்சாம்' என்றார். அந்த 'ஆம்' ஒன்றில், இது நான் கண்டதல்ல, அவன் சொன்னது என்ற முழு வாக்கியமும் அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது அது உதிர்ந்து, வாடிக்கையாளரே கேஸ் கசிந்துவிட்டது என்று உறுதி கூறியதாக மாறிவிடுகிறது. அந்த ஊகமும் இங்கே பொருந்தாது: ஃபிரிட்ஜின் கேஸ், மூடிய குழாய்க்குள் சுற்றுவது, ஓட்டை விழுந்தால்தான் குறையும், குறைந்தால் ஃப்ரீஸரும் சேர்ந்து சோரும். அதைவிட மோசம், 'வந்து பாத்தான்' என்பதைச் 'சோதித்தார்' என்று எழுதுவது. வெளியாள் கழற்றிய பெட்டிக்கு வாரண்டி கிடையாது என்பது பெரும்பாலான வாரண்டி அட்டைகளில் உள்ள நிபந்தனை. அந்தப் பையன் திருகு ஒன்றையும் தொடவில்லையா என்று அத்தையிடம் கேட்டுக்கொண்டு, தொடவில்லை என்றால் அந்தப் பேச்சையே விட்டுவிடலாம். கழற்றியிருந்தால் மறைக்கக் கூடாது. டெக்னீஷியனுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

இதே போன்ற இன்னொரு சொல் 'எரிஞ்சு போச்சு'. மிக்ஸியோ மோட்டாரோ நின்றுபோனால் நாம் சாதாரணமாகச் சொல்வது அது. ஆங்கிலத்தில் எரிந்துவிட்டது என்று எழுதினால், மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வந்த சேதம் என்று வாரண்டியை மறுக்க இடம் கொடுக்கும். புகையோ கருகல் வாசனையோ உண்மையிலேயே வந்திருந்தால் எழுதலாம். இல்லையென்றால் 'ஓடுவது நின்றுவிட்டது' என்பதே சரி.

ஆக, ஆங்கிலத்துக்குப் போகும் முன் தமிழிலேயே மடல் இப்படித் திருந்த வேண்டும்:

"ஓராண்டு வாரண்டி காலத்துக்குள் இலவசமாகப் பழுது நீக்கக் கோருகிறேன். இரண்டு கதவு ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ். மாடல் எண், சீரியல் எண் கீழே உள்ளன; ஒட்டுத்தாளின் படமும் பில்லின் நகலும் இணைப்பில். வாங்கிய நாள் 10 நவம்பர் 2023. 2024 அக்டோபர் கடைசி வாரத்தில் இருந்து கீழறை குளிர்வதில்லை. ஃப்ரீஸர் குளிர்கிறது, அதன் பின்சுவரில் கெட்டியாக ஐஸ் படிகிறது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது. ஒரு நாள் அணைத்து வைத்தபின் மூன்று நாள் சரியாக இருந்தது, பிறகு அதே நிலை. புகார் எண்ணும் டெக்னீஷியன் வரும் நாளும் தெரிவிக்கவும்."

கெட்டுப்போன பால், மாவு பற்றி இதில் ஒன்றும் இல்லை. வேண்டுமானால் கடைசியில் ஒரு வரி சேர்க்கலாம். முதல் வரியில் வேண்டாம். ஆங்கிலத்தில் கீழறையை 'ரெஃப்ரிஜிரேட்டர் கம்பார்ட்மென்ட்' என்றும் மேலறையை 'ஃப்ரீஸர் கம்பார்ட்மென்ட்' என்றும் கையேட்டில் உள்ளபடியே எழுதினால் குழப்பம் இராது.

புகார் எண் வந்ததும் பத்திரப்படுத்துங்கள். ஆள் வருவது நவம்பர் 9க்குப் பிறகு தள்ளிப்போனாலும், கெடுவுக்குள் புகார் கொடுத்ததற்கு அந்த எண்ணும் மடலின் தேதியும்தான் சாட்சி. அதற்குப் பிறகும் கட்டணம் கேட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தமிழிலேயே பேசலாம்.