மறையும் குறியும் மாறும் வெப்பநிலையும்

பேத்துப்பாறையில் காலைக் குளிரில் தொடங்கும் இச்செய்முறை வெயில் ஏறியபின் முடிகிறது. 0.1 மோலார் சோடியம் தயோசல்பேட் 40 மிலி எடுத்து, 0, 3, 5 மிலி நீர் கலந்து, கடைசியாக 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் முறையே 10, 7, 5 மிலி சேர்க்கிறோம். மொத்தம் எப்போதும் 50 மிலி. கந்தகத்தால் கரைசல் கலங்கி, அடியிலுள்ள பெருக்கல் குறி மறையும் நேரத்தைக் குறிக்கிறோம்.

மூன்றிலும் அமிலம் தேவைக்கு அதிகமாகவே உள்ளதால் நேரம் சிறிதளவே மாறும். கரைசல் சில டிகிரி சூடானாலே அந்த வேறுபாடு தலைகீழாகிவிடலாம். செறிவு குறைந்த அமிலமே வேகமாக வினைபுரிந்ததாகத் தோன்றும். மாணவர் எண்களைத் ‘திருத்தி’ எழுதுவர்.

எனவே அட்டவணையில் வெப்பநிலைக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். முதல் அளவை இறுதியில் மீண்டும் செய்யச் சொல்லுங்கள். நேரம் வெகுவாகக் குறைந்திருந்தால், காரணம் அமிலமல்ல, வெப்பநிலையே. அதை அப்படியே எழுதுவதே சரியான முடிவு.