ஒரு குண்டூசி, பத்துப் பேர்

ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, லாச்சப்பல் பக்கம் நடந்தால் நிறைய உடுப்புக் கடைகள் வரும். அங்கே வாங்கிய புதுச் சேர்ட்டைப் பிரித்துப் பாருங்கள். மடிப்பில் சில குண்டூசிகள் குத்தியிருக்கும். குண்டூசி மிகச் சின்னப் பொருள்தானே? ஆனால் அதைக் கையால் செய்வது சின்ன வேலை இல்லை.

இப்போது குண்டூசியை இயந்திரம் செய்கிறது. சுமார் 250 வருடங்களுக்கு முன்பு மனிதர்கள்தான் செய்தார்கள். பிரான்சில் நோர்மாண்டிப் பகுதியில் லெகிள் என்ற ஊர் குண்டூசிக்குப் பேர் போனது. பாரிஸில் திதரோ வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில், 1755-இல் வந்த தொகுதியில், குண்டூசி பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. ஒரு குண்டூசி கடைக்குப் போக முன்பு 18 வேலைகள் நடக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

அப்படி என்ன வேலைகள்? முதலில் பித்தளைக் கம்பியை ஒரு சின்னத் துளை வழியாக இழுத்து மெல்லியதாக்க வேண்டும். பிறகு அதை நேராக்கி, வெட்டி, நுனியைக் கூராக்க வேண்டும். தலை செய்வது தனி வேலை. இன்னொரு கம்பியைச் சுருளாகச் சுற்றி, சின்னத் துண்டுகளாக வெட்டி, ஊசியின் மேல் பொருத்தி அடிக்க வேண்டும். கடைசியில் ஊசியை வெள்ளை நிறமாக்கி, தாளில் வரிசையாகக் குத்தி வைக்க வேண்டும்.

ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஆடம் ஸ்மித் என்ற அறிஞர் 1776-இல் 'நாடுகளின் செல்வம்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதில், தான் பார்த்த ஒரு சின்னப் பட்டறையைப் பற்றி எழுதினார். அங்கே பத்துப் பேர்தான். ஒருவர் கம்பியை இழுப்பார், இன்னொருவர் வெட்டுவார், வேறொருவர் கூராக்குவார். சிலர் இரண்டு மூன்று வேலைகள் செய்வார்கள். இப்படி ஒரு நாளில் அவர்கள் 48,000 ஊசிகள் செய்ய முடிந்தது. அதாவது ஒருவருக்கு 4,800!

இந்த வேலையைப் பழகாத ஒருவர் எல்லாவற்றையும் தனியாகச் செய்தால்? ஒரு நாளில் 20 ஊசி கூட வராது என்றார் ஸ்மித். வேலையைப் பிரித்துச் செய்வதைத்தான் வேலைப் பிரிவு என்கிறோம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஸ்மித் மூன்று காரணங்கள் சொன்னார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் கை பழகிவிடும். ஒரு கருவியை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கும் நேரம் மிச்சமாகும். ஒரே வேலையைக் கவனிப்பவருக்கு, அதைச் சுலபமாக்கும் கருவி பற்றி யோசனை வரும்.

சரி, வேலையைப் பிரித்தால் மட்டும் போதுமா? போதாது. லாச்சப்பலில் நாம் வாங்கிச் சாப்பிடும் ரோல்ஸை வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரு சமையலறையில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஆள் ஒரு நிமிடத்தில் 2 ரோல்ஸ் சுற்றுவார். இரண்டாவது ஆள் ஒரு நிமிடத்தில் 6 ரோல்ஸை முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் பிரட்டுவார். மூன்றாவது ஆள் நிமிடத்துக்கு 6 பொரிப்பார்.

நிமிடத்துக்கு எத்தனை ரோல்ஸ் வரும்? ஆறா? இல்லை, இரண்டுதான்! சுற்றி முடித்ததைத்தானே பொரிக்கலாம்? மற்ற இருவரும் பாதிக்கு மேற்பட்ட நேரம் சும்மா நிற்பார்கள். எந்த வேலை மெதுவாக நடக்கிறதோ, அதன் வேகம்தான் எல்லோருடைய வேகமும்.

எங்கே ஆள் கூட வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த இடத்துக்கு முன்னால் சாமான் குவிகிறது என்று பாருங்கள். இங்கே சுற்றுபவருக்கு முன்னால் கறி குவிந்து கிடக்கும். அங்கே இன்னும் இரண்டு பேரை விட்டால், மூன்று பேர் சேர்ந்து நிமிடத்துக்கு 6 சுற்றுவார்கள். இப்போது ஆட்கள் ஐந்து பேர், ரோல்ஸ் மூன்று மடங்கு!

ஆனால் 10 நிமிடத்தில் 60 ரோல்ஸ் வந்தால், வாங்க ஆள் வேண்டும். அன்றைக்கு 40 தான் விற்கும் என்றால், ஐந்து பேரை வைத்து என்ன பயன்? வாங்குபவர்கள் நிறைய இருந்தால்தான் வேலையை நிறையப் பிரிக்கலாம். இதையும் ஸ்மித் சொன்னார்.

அவருக்கு ஒரு கவலையும் இருந்தது. வாழ்நாள் முழுக்க ஒன்றிரண்டு சின்ன வேலைகளை மட்டும் செய்பவருக்கு, மூளையைப் பயன்படுத்தச் சந்தர்ப்பம் கிடைக்காது என்றார். அதனால்தான் ஏழைப் பிள்ளைகளும் வாசிக்க, எழுத, கணக்குப் போடப் படிக்க அரசு உதவ வேண்டும் என்று எழுதினார்.

புதிய சொற்கள்
பட்டறை – கையால் பொருட்கள் செய்யும் சின்ன வேலையிடம்
பித்தளை – மஞ்சள் நிற உலோகம்
மிச்சம் – மீதி
குவிதல் – ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்தல்

விடை எழுதுங்கள்
1. குண்டூசியின் தலையை எப்படிச் செய்தார்கள்?
2. ரோல்ஸ் சமையலறையில் பொரிப்பவரை இரண்டு பேராக்கி, சுற்றுபவரை ஒருவராகவே விட்டால் நிமிடத்துக்கு எத்தனை ரோல்ஸ் வரும்? ஏன்?
3. உங்கள் வீட்டில் வேலையைப் பிரித்துச் செய்யும் ஒரு சமையலைக் கவனியுங்கள். எங்கே சாமான் குவிகிறது?