பிழைப் பட்டியலிலிருந்து பாடத் திட்டத்துக்கு

ஒரு வகுப்பு மாணவர் அனைவரும் எழுதிய கட்டுரைகளை ஒன்றாக வைத்துப் படித்து, அவற்றில் வரும் இலக்கணப் பிழைகளை வகைப்படுத்தி எண்ணி, அடுத்து எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்யும் முறைக்குப் பிழை ஆய்வு என்று பெயர். ஒவ்வொரு நோட்டையும் தனித்தனியே திருத்தி மதிப்பெண் இடும்போது ஒரு மாணவரின் நிலை தெரிகிறது. எல்லா நோட்டுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது கற்பித்தலில் எங்கே இடைவெளி விழுந்திருக்கிறது என்பது தெரிகிறது.

நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்கு இம்முறை நன்கு பொருந்தும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பால்மரத் தோட்டங்களில் அப்படி எழுந்த பள்ளிகள் பல, மரம் செம்பனையாக மாறிய பின்னும், பிராட்வால், லின்சம், கெடஸ், ரீஜண்ட் போன்ற தோட்டப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததால் தோட்டப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை குறைந்தது. மலேசியாவில் 150க்கும் குறைவான மாணவர் பயிலும் பள்ளி, மாணவர் குறைந்த பள்ளி என்று வகைப்படுத்தப்படுகிறது. அத்தகைய பள்ளியில் ஒரு வகுப்பின் கட்டுரைகள் அனைத்தையும் ஓர் ஆசிரியர் ஒரே மாலையில் வரிவரியாகப் படித்து முடிக்கலாம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு வகுப்பறை மதிப்பீடே முதன்மையாகிவிட்டது. அதில் பதிவாகும் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலை, மாணவர் எந்த விதியில் தடுமாறுகிறார் என்பதைச் சொல்வதில்லை. அந்த விவரம் கட்டுரைக்குள்தான் இருக்கிறது.

முதல் வேலை, உண்மையான பிழையையும் கைதவறலையும் பிரிப்பது. எடின்பரோ பல்கலைக்கழக மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த வேறுபாட்டை வலியுறுத்தினார். களைப்பாலும் அவசரத்தாலும் நேர்வதை எழுதியவரே திருத்திக்கொள்வார். விதி தெரியாததால் நேர்வது திரும்பத் திரும்ப ஒரே வடிவில் வரும். வகுப்பில் இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. திருத்தாமல், பிழை உள்ள வரியின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து நோட்டைத் திருப்பித் தர வேண்டும். மாணவர் தாமே கண்டு திருத்தியவை கைதவறல்கள். அவை எண்ணிக்கையில் சேரா. எஞ்சுபவை மட்டுமே ஆய்வுக்கு உரியவை.

இரண்டாவது வேலை வகைப்படுத்துவது. ‘எங்கள் தோட்டத் திருவிழா’ என்ற தலைப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவர் இப்படி எழுதியதாகக் கொள்வோம்:

“நான் அப்பாவுடன் கோயிலுக்கு சென்றேன். வாசலில் பல கடைகள் இருந்தது. மாமா எனக்கு பொம்மை வாங்கி குடுத்தார். தேரை பார்க்க மக்கள் கூடி நின்றார்கள்.”

இதில் ஆறு பிழைகள் உள்ளன. ‘ஒற்றுப் பிழை நான்கு’ என்று குறித்தால் பாடம் திட்டமிட அது போதாது. கோயிலுக்குச் சென்றேன், எனக்குப் பொம்மை, தேரைப் பார்க்க ஆகிய மூன்றும், இரண்டாம் நான்காம் வேற்றுமை உருபுகளுக்குப் பின் வலிமிகும் என்ற ஒரே விதிக்குள் அடங்கும். வாங்கிக் கொடுத்தார் என்பது இகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பின் வலிமிகும் என்ற வேறு விதி. ‘குடுத்தார்’ பேச்சு வழக்கு. ‘கடைகள் இருந்தது’ அஃறிணைப் பன்மை இயைபுப் பிழை. ஒரு பாடவேளையில் கற்பிக்கக்கூடிய அளவுக்குச் சிறியதாக ஒவ்வொரு வகையும் அமைய வேண்டும்.

மூன்றாவது வேலை எண்ணுவது. பெரும்பாலும் தவறு நிகழும் இடம் இதுவே. 12 மாணவர், ஆளுக்குச் சுமார் 80 சொல் எழுதிய ஒரு மாதிரி வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஐ, கு உருபுகளுக்குப் பின் ஒற்று விடுபட்டவை 48. ல, ள, ழ மயங்கியவை 30. அஃறிணைப் பன்மைப் பிழை 12. இந்த வரிசைப்படி திட்டமிட்டால் பன்மைப் பாடம் கடைசிக்குப் போய்விடும்.

ஆனால் பிழையோடு, அந்த வடிவம் தேவைப்பட்ட இடங்களையும் சேர்த்து எண்ணினால் நிலை மாறுகிறது. ஒற்று மிக வேண்டிய இடங்கள் 75. அவற்றில் 48 பிழை. பன்மை வினை தேவைப்பட்ட இடங்கள் 15 மட்டுமே. அவற்றில் 12 பிழை, அதாவது ஐந்துக்கு நான்கு. ல, ள, ழ வரும் சொற்களோ ஏறத்தாழ 400; அவற்றில் 30தான் பிழை. பன்மை வினை குறைவாகத் தேவைப்பட்டதால் பிழை குறைவாகத் தெரிந்தது. உண்மையில் வகுப்பு மிகக் குறைவாக அறிந்த விதி அதுதான். தேவைப்பட்ட இடங்களை எண்ணும்போது ‘பறவைகள் பறக்கும்’ போன்ற எதிர்கால வினைகளை விட்டுவிட வேண்டும். அங்கே ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம் என்பதால் பிழைக்கு வாய்ப்பே இல்லை.

பிழை எத்தனை பேரிடம் பரவியிருக்கிறது என்பதும் முக்கியம். சிறிய வகுப்பில் ஒருவரே கணக்கைத் திரித்துவிடுவார். மேற்கண்ட 30 மயங்கொலிப் பிழைகளில் 19 இரண்டு மாணவர்களுடையவை என்றால், அது முழு வகுப்புக்குரிய பாடம் ஆகாது. அந்த இருவருக்குத் தனியே செய்ய வேண்டிய குறைநீக்கல் பயிற்சி.

அடுத்து, காரணம். பேச்சுத் தமிழில் ‘கடைங்க இருந்துச்சு’ என்பதே இயல்பு. அஃறிணைப் பன்மைக்குத் தனி வினைமுற்று அங்கே இல்லை. இதே மாணவர்கள் பள்ளியில் கற்கும் மலாயில் வினைச்சொல் எண்ணுக்கேற்ப மாறுவதே இல்லை. ஆகவே இருந்தன, பறந்தன போன்ற வடிவங்களை அவர்கள் ஏட்டில் மட்டுமே சந்திக்கிறார்கள். காதுக்குப் பழகாத வடிவத்தை விதியாகச் சொல்வது பயன் தராது. நிறைய வாசிக்கவும், உரக்கச் சொல்லவும், எழுதவும் வைக்க வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்து மூன்று வாரத் திட்டம் உருவாகும். முதல் வாரம் அஃறிணைப் பன்மை: மாணவர் எழுதிய வாக்கியங்களையே பெயரின்றிக் கரும்பலகையில் எழுதி, ஒருமையைப் பன்மையாக்கி, பிறகு தோட்டத்து ஆடு, மாடு, மரங்களைப் பற்றிச் சிறு பத்தி எழுதச் செய்யலாம். இரண்டாம் வாரம் ஐ, கு உருபுகளுக்குப் பின் வலிமிகுதல் மட்டும். மூன்றாம் வாரம் இகர வினையெச்சத்துக்குப் பின் வலிமிகுதல். வலிமிகும் விதிகள் அனைத்தையும் ஒரே பாடத்தில் அடுக்கினால் ஒன்றும் நிலைக்காது.

நான்காம் வாரம் மறு கணக்கு. தலைப்பே அந்த வடிவங்களை வேண்டுவதாக இருக்க வேண்டும். ‘எங்கள் தோட்டத்து விலங்குகள்’ என்றால் பன்மை வினையைத் தவிர்க்க முடியாது. இப்போது புதுவகைப் பிழை ஒன்று தலைகாட்டலாம். ‘வந்தப் பையன்’, ‘பெரியக் கோயில்’ என்று வேண்டாத இடத்திலும் ஒற்று மிகும். விதியைப் பிடித்துக்கொண்டு எல்லை தெரியாமல் நீட்டுவதன் அடையாளம் அது, பின்னடைவு அன்று. அடுத்த பாடம் வலிமிகா இடங்கள் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கிறது.

இம்முறைக்கு ஒரு வரம்பு உண்டு. தெரியாத வடிவத்தை மாணவர் எழுதாமலே தவிர்த்துவிடுவார். எழுதாததில் பிழை காண இயலாது. செயப்பாட்டு வினையில் ஒரு பிழையும் இல்லை என்றால், அந்த வினை எத்தனை முறை வந்தது என்று பார்க்க வேண்டும். ஒருமுறையும் வரவில்லை என்றால் கட்டுரையை விட்டு, வாக்கிய மாற்றப் பயிற்சி கொடுத்துத்தான் அதைச் சோதிக்க முடியும்.