நன்றியும் கணக்கும் ஒரே சீட்டில்

பொங்கலுக்கு முந்தின நாள் மளிகைக் கடையில் வெல்லம் தீர்ந்துபோனால் அந்த வியாபாரம் அடுத்த கடைக்குப் போய்விடும். ஈரோடு மாவட்டத்தில் ஒரு சின்னக் கடைக்காரர் காலையில் கவுந்தப்பாடி மண்டிக்குப் போன் போட்டார். மதியமே சரக்கு வந்து இறங்கியது. இரவு கடையை அடைத்ததும் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதினார்:

“அண்ணே, 30 கிலோ சிப்பம் நாலும் ரெண்டு மணிக்கு வந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள மூணு வித்துப்போச்சு, ரொம்ப நன்றி. ஒரு சிப்பத்துல அடியில ஈரம் பட்டு ரெண்டு கிலோ இளகிடுச்சு, போட்டோ அனுப்பியிருக்கேன், அடுத்த பில்லுல கழிச்சுக்கலாம். வண்டி வாடகை என் கணக்கு. பில் பணம் இப்பவே போட்டுட்டேன்.”

பண்டிகை நேரத்தில் மண்டிக்காரர் இன்னொருவர் ஆர்டரைத் தள்ளிவைத்துத்தான் அவசர வண்டி அனுப்பியிருப்பார். தவணை இருந்தும் அன்றே பணம் போட்டதுதான் அவருக்கு உண்மையான நன்றி. ஈரத்தை அன்றைக்கே சொன்னதும் சரி. வெல்லம் காற்றின் ஈரத்தையே இழுக்கும். நாலு நாள் கழித்துச் சொன்னால், கடையில் வைத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்பார்கள். சரக்கு இறங்கும்போதே சிப்பத்தின் அடியைத் தொட்டுப் பாருங்கள்.