கடை சோலாருக்கு பேட்டரி சேர்க்கலாமா? எக்ஸெலில் ஒரு கணக்கு

கூரையில் சோலார் பேனல் பொருத்திய கடைக்காரரிடம் அடுத்ததாக விற்கப்படுவது பேட்டரி. "பகல் வெயிலில் சார்ஜ் ஏற்றுங்கள், மாலையில் விலை கூடிய மின்சாரத்துக்குப் பதிலாக அதைப் பயன்படுத்துங்கள்" என்பார்கள். இதில் உண்மையில் எவ்வளவு மிஞ்சும் என்பதை உங்கள் கம்ப்யூட்டரில் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

முதலில் மாலை விலை. மத்திய அரசு 2023-ல் திருத்திய மின் நுகர்வோர் விதிகளின்படி, 10 கிலோவாட்டுக்கு மேல் தேவை உள்ள வணிக இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் முதல் நேரத்துக்கு ஏற்ற கட்டணம் வரவேண்டும். பீக் நேர விலை சாதாரண விலையைப் போல் குறைந்தது 1.2 மடங்கு, வெயில் நேர விலை குறைந்தது 20 சதவீதம் கம்மி. சரியான நேரத்தையும் விலையையும் முடிவு செய்வது மாநில ஒழுங்குமுறை ஆணையம். எனவே உங்கள் பில்லில் உள்ள விலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண விலை 10 ரூபாய் என்றால் மாலையில் 12, பகலில் 8 என்று இங்கே வைத்துக்கொள்வோம்.

என் சித்தப்பாவின் ஜவுளிக்கடைக்கு ஒருவர் 10 யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரியை 1,80,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். தினமும் 8 யூனிட் எடுக்கலாம். அதாவது 2 கிலோவாட் லோடு நான்கு மணி நேரம் ஓடும். "ஒரு நாளைக்கு 96 ரூபாய் மிச்சம், ஐந்து வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும்" என்பது அவர் கணக்கு. சித்தப்பா என்னிடம், "நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இது சரியான்னு பார்த்துச் சொல்லுப்பா" என்றார்.

அந்தக் கணக்கில் மூன்று விஷயங்கள் இல்லை. கடை வருடத்தில் 300 நாள்தான் திறந்திருக்கும். 8 யூனிட் வெளியே வர சுமார் 9 யூனிட் உள்ளே போக வேண்டும். அந்த 9 யூனிட்டும் இலவசம் அல்ல. பேட்டரி இல்லாவிட்டால் அது வேறு எதற்காவது பயன்பட்டிருக்கும். மின்வாரியத்துக்குப் போகும் உபரி என்றால் அதற்குக் கிடைக்கும் தொகையை இழக்கிறோம் (யூனிட்டுக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்). பகலில் கடை ஏசியே தின்னும் மின்சாரம் என்றால், அதை பேட்டரிக்குத் திருப்பிவிட்டு ஏசிக்கு 8 ரூபாய் மின்சாரம் வாங்குகிறோம்.

இனி எக்ஸெல். B1-ல் 8 யூனிட், B2-ல் திறன் 0.9, B3-ல் மாலை விலை 12, B4-ல் சோலார் யூனிட்டின் மதிப்பு 3, B5-ல் 300 நாள், B6-ல் பேட்டரி விலை 180000, B7-ல் ஆயுள் 10 வருடம். லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு வருடா வருடம் குறையும். பத்தாவது வருடத்தில் 80 சதவீதம் மிஞ்சும் என்று கொண்டால் சராசரி 90. எனவே B8-ல் 0.9. B10-லும் B11-லும் இந்த ஃபார்முலாக்களை டைப் செய்யுங்கள்.

```
=(B1*B3-B1/B2*B4)*B5*B8
=B6/B7
```

முதலாவது வருடத்தின் உண்மையான மிச்சம்: 18,720 ரூபாய். இரண்டாவது, அடுத்த பேட்டரிக்காக வருடந்தோறும் எடுத்துவைக்க வேண்டிய தொகை: 18,000. யுபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். பெட்டி அப்படியே இருக்கும், பேட்டரியை மாற்றிக்கொண்டே இருப்போம். சோலார் பேனல் 25 வருடம் உழைக்கும். அதற்குள் பேட்டரியை ஒருமுறையாவது மாற்றத்தான் வேண்டும். ஆக, உபரி மின்சாரத்தைச் சேமித்தாலும் வருடத்துக்கு 720 ரூபாய்தான் லாபம். B4-ல் 8 என்று மாற்றிப் பாருங்கள். மிச்சம் 6,720 ஆகச் சுருங்கி, வருடத்துக்கு 11,280 ரூபாய் நஷ்டம் காட்டும்.

மின்வெட்டில் ஜெனரேட்டர் டீசல் மிச்சமாவது தனிக் கணக்கு. அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் அதையும் சேர்த்தால் முடிவு மாறலாம்.

ஆயுளுக்கு 10 வருடம் போட்டது கூட நல்ல பராமரிப்பை நம்பித்தான். தகரக் கூரையின் கீழ், காற்றோட்டம் இல்லாத மாடி அறையில் வைத்தால் சூட்டில் சீக்கிரம் தேயும். உத்தரவாதத் தாளில் வருடம் மட்டும் அல்ல, மொத்தம் இத்தனை யூனிட் என்றும் ஒரு வரம்பு இருக்கும். எது முதலில் முடிகிறதோ அத்தோடு உத்தரவாதம் தீரும். தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது எளிது. அதே 2 கிலோவாட் லோடு நான்கு மணி நேரம் ஓடியது, 3 மணி 12 நிமிடத்தில் நின்றால் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மாதம் ஒருமுறை இன்வெர்ட்டர் திரையில் உள்ளே போன யூனிட், வெளியே வந்த யூனிட் இரண்டையும் குறித்து வையுங்கள், 0.9 என்ற திறன் நிற்கிறதா என்பதும் தெரியும்.

சித்தப்பா கடையில் பகல் முழுக்க ஏசி ஓடுகிறது. திறந்திருக்கும் நாளில் சோலாரில் உபரியே மிஞ்சுவதில்லை. B6-ல் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தோம். 67,200 ரூபாய்க்கு வந்தபோதுதான் B10-ம் B11-ம் சமமாயின. அந்த எண்ணை அவர் பில் புத்தகத்தின் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, பேட்டரிக்காரரிடம் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.