நுரையீரலில் ஒரு புள்ளி: அது புற்றுநோய்தானா?

இருமல் இல்லை, சளி இல்லை. ஆனாலும் ஸ்கேன் அறிக்கையில் 'வலது நுரையீரலில் 7 மில்லிமீட்டர் நாட்யூல்' என்று இருக்கிறது. அதைப் படித்ததும் பலருக்குப் புற்றுநோய் உறுதியாகிவிட்டது போலத்தான் தோன்றும். பெரும்பாலும் அது உண்மையல்ல.

அறிகுறி ஏதும் இல்லாதபோதே நுரையீரல் புற்றுநோயைத் தேடுவதற்கு, குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் பயன்படுகிறது. ஊசி, மருந்து எதுவும் கிடையாது. படுத்து மூச்சைச் சில நொடிகள் அடக்கினால் போதும். அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. சாதாரண எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட, ஆண்டுக்கொரு முறையாக மூன்று முறை இந்த ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்திருந்தது.

ஆனால் இது எல்லாருக்குமான சோதனை அல்ல. அமெரிக்காவின் 2021 பரிந்துரைப்படி, வயது 50 முதல் 80 வரை இருக்க வேண்டும். இப்போதும் புகைப்பவராகவோ, நிறுத்தி 15 ஆண்டுகளுக்குள் இருப்பவராகவோ இருக்க வேண்டும். புகைத்த அளவு குறைந்தது 20 'பேக்-இயர்' இருக்க வேண்டும். தினம் 20 சிகரெட் வீதம் ஓராண்டு புகைத்தால் ஒரு பேக்-இயர். நம் ஊரில் 10 சிகரெட் கொண்ட பாக்கெட்டும் உண்டு என்பதால், பாக்கெட்டை அல்ல, சிகரெட்டை எண்ண வேண்டும். தினம் 10 சிகரெட் வீதம் 40 ஆண்டுகள் புகைத்தவருக்கு 20 பேக்-இயர்.

அப்படிப்பட்ட 62 வயதுக்காரர் ஒருவருக்குத்தான் முதல் ஸ்கேனில் அந்த 7 மில்லிமீட்டர் நாட்யூல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நாட்யூல் என்பது நுரையீரலில் தெரியும் சிறு உருண்டை. பழைய காசநோயின் தழும்பு, ஆறிப்போன தொற்று, சிறிய நிணநீர்க்கணு என எதுவாகவும் அது இருக்கலாம். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இத்தகைய தழும்புகள் அதிகம். அந்த அமெரிக்க ஆய்விலேயே, சந்தேகத்துக்குரியவை எனக் குறிக்கப்பட்ட ஸ்கேன்களில் சுமார் 96 சதவீதம் புற்றுநோய் அல்ல என்று பிறகு தெரிந்தது.

அவருக்கு உடனே ஊசி போட்டுத் திசு எடுக்க மாட்டார்கள். ஊசி குத்தினால் நுரையீரலிலிருந்து காற்று கசிந்து, அது சுருங்கிவிடக்கூடும். கெட்டியான நாட்யூல் முதல் ஸ்கேனில் 6 மில்லிமீட்டருக்குக் கீழ் என்றால், அடுத்த ஆண்டு பார்த்தால் போதும். 6 முதல் 8-க்குள் என்றால் ஆறு மாதத்தில் மறு ஸ்கேன். அதற்கு மேல் என்றால் இன்னும் விரைவாக, சில சமயம் பெட் ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் தேவைப்படும்.

ஆறு மாதம் காத்திருப்பது அலட்சியம் அல்ல. அதுவே ஒரு சோதனை. தழும்பு வளராது, புற்றுநோய் வளரும். 7 மில்லிமீட்டர் உருண்டை 9 ஆனால், பார்வைக்குச் சிறிய மாற்றம்தான். கன அளவிலோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அப்போது மருத்துவர் அடுத்த கட்டத்துக்குப் போவார். அப்படியே இருந்தால், ஆண்டு ஸ்கேனுக்குத் திரும்பலாம்.

இருமலில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள், முன்பு எப்போதாவது எடுத்த மார்பு சிடி ஸ்கேன் வீட்டில் இருந்தால் தேடி எடுத்துப் போங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அதே கெட்டியான நாட்யூல் அதே அளவில் இருந்தது என்று தெரிந்தால், பெரும்பாலும் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியிராது.