சுற்றுச்சுவர் ஏன் சாய்கிறது?

திருவரங்கம் கோயிலை ஏழு மதில்கள் சூழ்ந்துள்ளன. வெளி மதில்களை ஒட்டி நடந்து செல்பவர் அவற்றின் உயரத்தைத்தான் முதலில் பார்ப்பார். பார்க்க வேண்டியது பருமனை. அந்தப் பருமன் இருப்பதால்தான் அவற்றிற்கு முட்டுத் தூண் தேவைப்படவில்லை. நாம் வீட்டைச் சுற்றிக் கட்டும் செங்கல் சுவரோ ஒன்பது அங்குலம். சிக்கனம் பார்ப்பவர் நாலரை அங்குலத்தோடு நிறுத்திவிடுவார். இந்த மெல்லிய சுவர் எவ்வளவு தாங்கும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒன்பது அங்குலப் பருமனும் ஆறு அடி உயரமும் உள்ள சுவரில் ஒரு மீட்டர் நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஏறக்குறைய 790 கிலோ. காற்று தள்ளும்போது சுவர் தன் மறுபக்க அடி விளிம்பைச் சுற்றித்தான் கவிழ முயலும். எடை அந்த விளிம்பிலிருந்து பாதிப் பருமன் தொலைவில், அதாவது 11.5 சென்டிமீட்டர் உள்ளே, செயற்படுகிறது. ஆகவே சுவரை நிறுத்தி வைக்கும் திருப்புத்திறன் சுமார் 90 கிலோ-மீட்டர்.

இனிக் காற்றைக் கவனிப்போம். மணிக்கு 108 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 55 கிலோ அழுத்தம் தருகிறது. நம் சுவரின் மீது மொத்தம் 99 கிலோ விசை. அது பாதி உயரத்தில் செயற்படுவதாகக் கொண்டால் கவிழ்க்கும் திருப்புத்திறனும் ஏறத்தாழ 90 தான்! சாந்தின் பிடிப்பு சிறிது உதவும். ஆனால் காற்று முன்னே தள்ளுவதோடு பின்புறம் உறிஞ்சவும் செய்கிறதே. இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும்.

நாலரை அங்குலச் சுவருக்கு எடையும் பாதி, நெம்புகரமும் பாதி. எனவே தாங்குதிறன் பாதியன்று, கால்பங்கு. காற்றழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது ஆதலால், 54 கிலோமீட்டர் வேகமே அதைக் கவிழ்க்கப் போதும். கோடை மழைக்கு முன் திருச்சியில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும் சூறை இந்த வேகத்தை எளிதில் எட்டும்.

தூணின் வேலை இங்கேதான் வருகிறது. பத்தடிக்கு ஒரு தூண் எழுப்பினால், சுவர் இரு தூண்களுக்கு இடையே கிடைவாட்டில் வளைந்து காற்றின் விசையைத் தூண்களிடம் ஒப்படைக்கிறது. தூணுக்குள் இருக்கும் கம்பி அதை அகலமான அடித்தளத்திற்குக் கொண்டு செல்கிறது. அடித்தளத்தின் மேல் கிடக்கும் மண்ணும் எடையாகச் சேர்ந்துகொள்ளும். ஆனால் செங்கல் வரிசைகள் தூணோடு பல் கோத்தோ கம்பியாலோ பிணைந்திருக்க வேண்டும். பக்கத்தில் வெறுமனே நிற்கும் தூண் அலங்காரம்தான்.

நீண்ட சுவரில் ஏறக்குறைய முப்பதடிக்கு ஓர் இடைவெளி விடுவார்கள். வெயிலில் செங்கல் விரியும். இடம் தராவிட்டால் சுவர் தானே ஓர் இடத்தில் வெடித்துக்கொள்ளும். இடைவெளியின் இரு புறமும் தனித்தனித் தூண் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அங்கே சுவரின் முனையைப் பிடிக்க வேறு எதுவும் இல்லை.

காற்றைவிடக் கொடியது மண். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள தாழ்ந்த வயலை மனையாக்க வேண்டுமானால் மண் கொட்டி மேடாக்கியே தீரவேண்டும். அந்த மண்ணை ஏற்கெனவே நிற்கும் சுற்றுச்சுவரின் மீதே சாய்ப்பார்கள். ஒரு மீட்டர் உயரத்திற்கு உலர்ந்த மண் தரும் கவிழ்க்கும் திறன் சுமார் 100 கிலோ-மீட்டர். நம் ஆறடிச் சுவரின் 90-ஐ அது அப்போதே தாண்டிவிட்டது. மழை பெய்து மண்ணிடுக்குகளில் நீர் நிறைந்தால் நீரின் அழுத்தமும் சேர்ந்து 220 ஆகிவிடும். மண்ணின் உயரம் இருமடங்கானால் இந்தத் திறன் எட்டு மடங்காகும்.

2019 டிசம்பர் 2 அதிகாலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் ஏறக்குறைய இருபதடி உயரச் சுற்றுச்சுவர் ஒன்று கனமழையில் சரிந்து, அருகிலிருந்த எளிய வீடுகளின் மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். தலித் குடும்பங்களைப் பிரித்து நின்ற அதைத் 'தீண்டாமைச் சுவர்' என்றே பலர் அழைத்தனர். சுவர் யாருக்காக எழுப்பப்படுகிறதோ அவர்மேல் அது பெரும்பாலும் விழுவதில்லை.

மண்ணைத் தாங்கவேண்டிய சுவரைத் தாங்குசுவராகவே கட்டவேண்டும்: அடி அகன்று மேலே குறுகியதாக, பின்னால் சரளைக்கல் நிரப்பி, ஐந்தடிக்கு ஒரு நீர்த்துளை விட்டு. மழை நாளில் அந்தத் துளைகள் சொட்டுகின்றனவா என்று பாருங்கள். சொட்டாமல் சுவர் மட்டும் ஊறியிருந்தால் நீர் உள்ளே தேங்குகிறது என்று பொருள். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில் உச்சி ஓர் அங்குலம் வெளியே சாய்ந்திருந்தால், அல்லது மண்பக்கம் தரையை ஒட்டி நீளவாட்டில் விரிசல் தெரிந்தால், பூச்சு வேலையால் பயனில்லை. மழைக்கு முன் மண்ணை அள்ளிச் சுமையைக் குறைக்கவேண்டும். அதுவரை மறுபக்கத்தில் எவரும் படுத்துறங்கக் கூடாது.